மாணவர்களைத் தங்கவைத்த வீட்டாருக்கு நன்றி சொல்வது: இந்தப் பொறுப்பை முதன்முறை ஏற்பவர்களுக்கு

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், பொள்ளாச்சிக்குக் கூப்பிடு தூரத்தில் இருப்பவை நம் ஊர்கள். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று சித்தூர் வட்டத்தின் எல்லையோர ஊர்களில் பெரும்பாலும் வீட்டுக்குள்ளே தமிழ்தான். பஞ்சாயத்து ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனால் மலையாளம். 2015 அக்டோபர் 31 அன்று அறிவிக்கப்பட்ட 'ஒரே பாரதம் உன்னத பாரதம்' திட்டத்தில் கேரளத்துக்கு இணையாக அமைந்த மாநிலம் இமாச்சலப் பிரதேசம். அதனால் பண்பாட்டுப் பரிமாற்றம் என்று நம் பக்கம் வரும் பிள்ளைகளில் பலர் சம்பா, காங்க்ரா, மண்டி போன்ற மலை மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். விடுதியில் தங்கவைத்தால் வேலை சுலபம். ஊர் வீடுகளில் இரண்டிரண்டு பேராகத் தங்கவைத்தால்தான் பரிமாற்றம் என்ற சொல்லுக்கு அர்த்தம் வருகிறது. அப்படித் தங்கவைத்தால், அந்த வீடுகளுக்கு நன்றி சொல்லும் பொறுப்பு யாராவது ஒருவர் தலையில் விழும். கல்லூரிக்குப் புதிதாக வந்த ஆசிரியராகவோ, நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கும் மாணவராகவோ நீங்கள் அந்த ஒருவர் என்றால், இது உங்களுக்காக எழுதியது.

வழக்கமாக நடப்பது உங்களுக்குத் தெரியும். கடைசி நாள் மாலை மேடை போட்டு, குடும்பத் தலைவர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, ஒரு பொன்னாடையும் சட்டம் போட்ட சான்றிதழும் கொடுத்துப் படம் எடுப்பார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் விண்ணப்பப் படிவத்தில் பெயர் இருக்கும் ஆள், பெரும்பாலும் அந்த ஏழு நாளும் அடுப்படிப் பக்கம் போகாதவர். விடிகாலையில் எழுந்து தோசைக்கல்லில் சப்பாத்தி சுட்டுப் பழகிய அம்மா கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். கட்டில் இரவல் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரருக்குக் கூட்டம் நடப்பதே தெரிந்திருக்காது. எந்த வீட்டில் யார் என்ன செய்தார் என்பது நன்றி சொல்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருக்கிறது என்பது அந்த வீட்டாருக்கும் புரிய வேண்டும். கீழே சொல்லும் எல்லா வேலையும் இதற்காகத்தான்.

முதல் நாளிலேயே ஒரு நோட்டு

நன்றிக்கான வேலை கடைசி நாளில் தொடங்குவதல்ல. பிள்ளைகள் வந்து இறங்கும் அன்றே ஒரு நோட்டு போடுங்கள். வீட்டுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கினால் போதும். முதல் பக்கத்தில் அந்த வீட்டில் இருக்கும் எல்லோருடைய பெயரும், அவர்கள் தங்கள் பெயரை எப்படி எழுதுவார்களோ அப்படியே. ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஊரில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் இன்னொரு எழுத்துக்கூட்டல் என்று இருப்பது நம் பக்கம் சாதாரணம். மலையாளத்தில் எழுதிய பெயரை மறுபடி தமிழுக்குக் கொண்டுவரும்போது எழுத்து மாறிப்போகும். ஆகவே வீட்டில் படித்த பிள்ளை ஒன்றிடம் நோட்டைக் கொடுத்து, அதன் கையாலேயே எழுதி வாங்குவது நல்லது.

அதே பக்கத்தில் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: யார் எந்த எழுத்தைப் படிப்பார்கள். எல்லையூரில் இதைக் கேட்காமல் ஊகிக்கவே கூடாது. பாட்டிக்குத் தமிழ் எழுத்து மட்டும் தெரியும், அல்லது எழுத்தே தெரியாது. மகன் இரண்டும் படிப்பார். மலையாள வழியில் படிக்கும் பேத்தி தமிழில் பட்டாசாகப் பேசுவாள், ஆனால் தமிழ் எழுத்து அவளுக்கு வராது. ஒரே கூரைக்குக் கீழே இப்படி மூன்று விதம் இருக்கும். கடிதம் எழுதும்போது இந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

இரண்டாவது பக்கம் தினசரிக் குறிப்பு. ஒவ்வொரு நாளும் மாலையில் பிள்ளைகள் கல்லூரியை விட்டுக் கிளம்பும் முன் அவர்களோடு ஐந்து நிமிடம் உட்காருங்கள். 'வீட்டில் எல்லாம் நன்றாக இருக்கிறதா' என்று கேட்டால், 'நன்றாக இருக்கிறது' என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். 'இன்று காலை தண்ணீர் யார் எடுத்து வைத்தார்? ராத்திரி எங்கே படுத்தீர்கள்? அந்த இடத்தில் வழக்கமாகப் படுப்பவர் எங்கே போனார்?' என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் உண்மையான பதில்கள் வரும். தனக்கென்று வைத்திருந்ததை விட்டுக்கொடுத்தவரைப் பெரும்பாலும் இப்படித்தான் கண்டுபிடிக்க முடிகிறது. அவராக வாய் திறந்து சொல்லமாட்டார்.

செலவுப் பணத்தை நன்றியோடு கலக்காதீர்கள்

தங்கவைத்த வீட்டுக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று செலவுத்தொகை கொடுக்கிற ஏற்பாடு இருந்தால், அதைத் தங்கும் நாட்களில் பாதி முடிவதற்குள் வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள், அல்லது வீட்டுக்கே போய்க் கொடுத்துவிடுங்கள். கடைசி நாள் மேடையில் கவரில் வைத்துக் கொடுப்பது பெரும் சங்கடம். வாங்குகிறவருக்குச் சோறு போட்டதற்குக் கூலி வாங்கியது போல ஆகிவிடும். சில வீடுகளில் வாங்க மாட்டோம் என்பார்கள். 'பிள்ளைக சாப்பிட்டதுக்குக் காசு வாங்குனா நல்லாவாங்க இருக்கும்?' என்று கேட்கும் அம்மாவிடம் வாதாட வேண்டாம். இது அரிசிக்கும் கேஸுக்கும் கல்லூரிக் கணக்கில் ஒதுக்கியது, கையெழுத்து வாங்காவிட்டால் எங்களுக்குத் தணிக்கையில் கேள்வி வரும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். வீட்டு ஆண்களிடம் பணம் போய்விட்டால் சமைத்தவர் கைக்கு வராமலே போகலாம். அந்த அம்மாவுக்குத் தனிக் கணக்கு இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள்.

கடிதம்

நன்றியில் கனமான பகுதி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். சான்றிதழ் எல்லா வீட்டுக்கும் ஒன்றே. கடிதம் அந்த வீட்டுக்கு மட்டுமே உரியது. அதைத் தங்கியிருந்த பிள்ளைகளே தங்கள் கையால் எழுத வேண்டும், நோட்டில் இருக்கும் குறிப்பை நீங்கள் நினைவூட்டலாம்.

எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வி உடனே வரும். அவர்கள் இந்தியில் எழுதட்டும். வீட்டில் பஹாடி பேசினாலும் பள்ளியில் அவர்கள் எழுதிப் பழகியது இந்திதான். நமக்கு இந்தி எங்கே தெரியும் என்று தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஆசிரியர்கள் தயங்குவார்கள். கேரளப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பிலிருந்து இந்தி ஒரு பாடம். தங்கவைத்த வீட்டில் ஏழாவதோ எட்டாவதோ படிக்கும் பிள்ளை ஒன்று இருந்தால், கட்டைவிரலால் வரிபிடித்து அது வாசித்துவிடும். எழுதுகிற மாணவர்களிடம் மூன்று நிபந்தனை மட்டும் சொல்லுங்கள்: கூட்டெழுத்துகளைப் பிரித்துத் தெளிவாக எழுது, சின்னச் சின்ன வாக்கியமாக எழுது, ஒரு பக்கத்துக்கு மேல் போகாதே. பேரப்பிள்ளை வாசித்துப் பாட்டிக்குத் தமிழில் சொல்வதை, மேடையில் நாம் மைக் பிடித்துச் சொல்வதை விட அந்த வீடு நெடுநாள் நினைவில் வைத்திருக்கும்.

அதே தாளின் பின்பக்கத்தில் தமிழ் வடிவமும் இருக்கட்டும். உங்கள் கல்லூரி இந்தி ஆசிரியரிடமோ, இந்தி நன்றாகத் தெரிந்த மாணவரிடமோ கொடுத்து எழுதச் செய்யுங்கள். மலையாளம் மட்டும் படிப்பவர்தான் வீட்டில் இருக்கிறார் என்றால், பேச்சு தமிழாகவே இருந்தாலும் பின்பக்கம் மலையாளமாக இருப்பதுதான் சரி. யாருக்கு எழுத்தே தெரியாதோ அவருக்கு, எழுதிய பிள்ளை வாசிப்பதைப் போனில் பதிவு செய்து, தமிழில் ஒருவர் சொல்வதையும் சேர்த்து, வீட்டுப் பிள்ளையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடலாம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு பார்ப்போம். மாசி மாதம். சம்பாவிலிருந்து இரண்டு பெண் பிள்ளைகள். வீட்டில் அப்பத்தா, மகன், மருமகள், ஏழாம் வகுப்பில் மலையாள வழியில் படிக்கும் பேத்தி. மகன் லோடு ஏற்றி வெளியூர் போவதால் வாரத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. நோட்டில் இருக்கும் குறிப்புகள் இப்படி:

முதல் நாள் ராத்திரி காரம் தாங்காமல் பிள்ளைகள் வெறும் தயிர்ச் சோறு சாப்பிட்டார்கள். மறுநாளிலிருந்து அந்த அம்மா அவர்களுக்கென்று தனியாக மிளகாய் போடாத பருப்பும் சப்பாத்தியும் செய்தார். மலைக்குளிரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மாசி வெக்கையில் தூக்கம் வரவில்லை. வீட்டில் ஒரே ஒரு டேபிள் ஃபேன், அப்பத்தாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. மூன்றாம் நாள் அது பிள்ளைகளின் அறைக்கு வந்துவிட்டது, அப்பத்தா திண்ணைக்குப் போய்விட்டார். நான்காம் நாள் ஒரு பிள்ளைக்கு மாதவிலக்கு வயிற்றுவலி. வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்து, கல்லூரிக்கும் போன் செய்து சொன்னது மருமகள். பேத்தி தன் பள்ளி நோட்டில் பிள்ளைகளிடம் சம்பாவின் வரைபடம் வரைந்து வாங்கிக்கொண்டாள்.

இதைப் பார்த்து அந்தப் பிள்ளைகள் எழுதும் கடிதம், தமிழில் சொன்னால், ஏறக்குறைய இப்படி அமையும்:

'அப்பத்தாவுக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தங்கைக்கும் வணக்கம். மூன்றாம் நாள் ராத்திரி ஃபேன் எங்கள் அறையில் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் எழுந்து பார்த்தபோதுதான் அப்பத்தா திண்ணையில் படுத்திருந்தது தெரிந்தது. ஃபேனைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தோம், மத்தியானம் வந்து பார்த்தால் மறுபடி எங்கள் அறையில் இருந்தது. அம்மா, நீங்கள் எங்களுக்காக இரண்டு பருப்பு வைத்தீர்கள், ஒன்று வீட்டுக்கு, ஒன்று எங்களுக்கு. ஊருக்குப் போய் எங்கள் அம்மாவிடம் இதை முதலில் சொல்வோம். அப்பா, லோடு இறக்கிவிட்டு வந்த அலுப்பிலும் எங்களைப் பஸ் ஏற்றிவிட வந்தீர்கள். தங்கை, உன் நோட்டில் ராவி ஆற்றை நாங்கள் கொஞ்சம் வளைத்து வரைந்துவிட்டோம், உன் ஆசிரியரிடம் கேட்டுத் திருத்திக்கொள்.'

வயிற்றுவலி பற்றி இதில் ஒரு வார்த்தையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மறந்து விட்டதல்ல. கடிதத்தைப் பேத்தி சத்தமாக வாசிப்பாள், அக்கம்பக்கத்தார் உட்கார்ந்திருப்பார்கள். அந்த உதவிக்கான நன்றியை அந்தப் பிள்ளை, கிளம்பும் முன் அடுப்படியில் அந்த அம்மாவிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும். மொழி தெரியாவிட்டால் கையைப் பிடித்துக்கொண்டால் போதும், அந்த அம்மாவுக்குப் புரியும்.

கடிதங்களைக் கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை படித்துப் பார்த்து எடுக்க வேண்டிய வரி ஒன்று உண்டு. 'இவ்வளவு வசதி குறைந்த வீட்டிலும் எங்களை இவ்வளவு அன்பாக' என்று நல்லெண்ணத்தோடு யாராவது ஒரு பிள்ளை எழுதியிருக்கும். அந்த ஒரு வரி மற்ற எல்லா வரிகளையும் அழித்துவிடும். வீட்டின் அளவு, கழிப்பறை, ஓடு, தரை எதையும் கடிதத்தில் தொட வேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள். 'கட்டாயம் எங்கள் ஊருக்கு வர வேண்டும், டிக்கெட் நாங்கள் அனுப்புகிறோம்' என்பது போன்ற வாக்குறுதியும் வேண்டாம். பாட்டிமார் அதை நம்பிக் காத்திருப்பார்கள்.

என்ன கொண்டுவரச் சொல்லலாம்

பரிசுப் பொருளைப் பற்றிப் பிள்ளைகள் அங்கிருந்து கிளம்பும் முன்பே அவர்களுடைய ஆசிரியரிடம் பேசிவிடுங்கள். விதி ஒன்றுதான்: எல்லா வீட்டுக்கும் ஒரே பொருள், ஒரே அளவு. பணக்காரப் பிள்ளை தங்கிய வீட்டுக்குச் சால்வையும் பக்கத்து வீட்டுக்குச் சாவிக்கொத்தும் போனால், சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

ஆப்பிள் வேண்டாம். டெல்லியிலிருந்து பாலக்காட்டுக்கே ரயிலில் கிட்டத்தட்ட இரண்டு நாள், அதற்கு முன்னால் மலையிலிருந்து இறங்கும் பயணம் வேறு. வந்து சேரும்போது பாதி கன்றிப்போயிருக்கும். கம்பளிச் சால்வை நம் வெயிலுக்கு எதற்கு என்று தோன்றும். ஆனால் மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றில் விடிகாலையில் பால் கறக்கப் போகும் பெரியவர்கள் காதை மூடிக்கொள்ள ஏதாவது தேடுவார்கள், குலு நெசவுக் கரை போட்ட மெல்லிய மப்ளர் அவர்களுக்கு உதவும். அங்கே விளையும் ராஜ்மா கெடாது, உடையாது, சமைத்துச் சாப்பிடலாம். எப்படிச் சமைப்பது என்று ஒரு சீட்டும் கூட இருக்கட்டும். ராத்திரி ஊறவைத்து, நன்றாகக் குழைய வேகவைக்க வேண்டும் என்பது தெரியாமல் தட்டைப்பயறு போல அரைவேக்காட்டில் தாளித்தால் வயிற்றைக் கெடுக்கும். காங்க்ரா தேயிலை நல்ல பரிசு, அதற்கும் சீட்டு வேண்டும். நம் வீடுகளில் பாலோடு சேர்த்துக் கொதிக்கவிடுவார்கள், அந்த மென்மையான இலையின் வாசனை பாலில் காணாமல் போய்விடும். கொதி அடங்கிய தண்ணீரில் மூன்று நிமிடம் போட்டு, வடிகட்டி, பால் சேர்க்காமல் குடிக்கச் சொல்லி எழுதுங்கள்.

அவர்களை உட்காரவைத்துப் பரிமாறுங்கள்

மேடைக் கூட்டத்துக்குப் பதிலாக, அல்லது கூட்டத்தைச் சுருக்கிக்கொண்டு, ஒரு விருந்து வைக்க முடிந்தால் அதைத்தான் நான் பரிந்துரைப்பேன். இமாச்சலத்தில் கல்யாணம், திருவிழா என்றால் 'தாம்' என்று ஒரு விருந்து. எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார, இலைத் தட்டில் சோறும் அதன்மேல் ஒவ்வொரு குழம்பாகவும் முறைப்படி பரிமாறுவார்கள். நம் பந்தியைப் பார்த்ததும் அந்தப் பிள்ளைகளுக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். நம் வீட்டுப் பெண்களோ எந்த விருந்திலும் கடைசிப் பந்திக்காரர்கள். இந்த ஒரு நாள் அவர்களை முதல் பந்தியில் உட்காரவைத்து, பிள்ளைகளும் ஆசிரியர்களும் பரிமாறட்டும்.

நேரத்தைக் குறிப்பதில் கவனம் வேண்டும். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோகும் நேரம். அப்போது கூட்டம் வைத்தால் ஆண்கள் வருவார்கள், பெண்கள் மாட்டுக்கொட்டிலில் இருப்பார்கள். ஞாயிறு மத்தியானம் நல்ல நேரம், ஆனால் அன்று முகூர்த்த நாளாக இருக்கிறதா என்று காலண்டரைப் பாருங்கள். தாராபுரத்திலோ பொள்ளாச்சியிலோ ஒரு கல்யாணம் இருந்தால் ஊரில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். கிறிஸ்தவ வீடுகள் இருந்தால் பூசை முடிந்து வரும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அழைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வீடு போய், வீட்டில் இருக்கும் பெண்களிடமே நேராகச் சொல்லுங்கள். அப்போதே பக்கத்து வீட்டையும் கூப்பிடுங்கள். கட்டில் கொடுத்தவர், குளிக்கத் தன் வீட்டுக் குளியலறையைத் திறந்துவிட்டவர், பஸ் நிற்கும் இடம் காட்டியவர் என்று நோட்டில் இருக்கும் பெயர்கள் எல்லாம் இந்தப் பட்டியலில் வந்துவிட வேண்டும்.

12 பிள்ளைகள் 6 வீடுகளில் தங்கியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டாரும் பக்கத்து வீட்டாரும் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சேர்ந்தால் 50 இலை போட வேண்டிவரும். அத்தனை பேருக்கும் முழுச் சமையலையும் பிள்ளைகள் தலையில் கட்டாதீர்கள். சோறு, சாம்பார், பொரியல், ரசம் இவற்றை உள்ளூர்ச் சமையல்காரர் ஒருவரிடம் விட்டுவிட்டு, மத்ரா என்ற தயிர்க் கொண்டைக்கடலைக் குழம்பையும் இனிப்புச் சோற்றையும் மட்டும் பிள்ளைகள் செய்யட்டும். மத்ராவுக்கு மூன்று கிலோ வெள்ளைக் கொண்டைக்கடலை, ஆறு லிட்டர் தயிர். முந்தின ராத்திரியே கடலையை ஊறவைத்து, காலையில் வேகவைத்துக்கொள்ள வேண்டும். நெய்யில் பட்டை, கிராம்பு, ஏலம் பொரித்து, மஞ்சள்தூள் போட்டு, நன்றாகக் கடைந்த தயிரை ஊற்றி, கொதி வரும்வரை கரண்டியை எடுக்காமல் கிண்ட வேண்டும். கொஞ்சம் விட்டாலும் தயிர் திரிந்துவிடும். திரிந்தால் மேலே தண்ணீர் தனியாகவும் கீழே பொடிப்பொடியாகவும் நிற்கும், அதைச் சரிசெய்ய வழி இல்லை. அதனால் ஒரே அண்டாவில் வைக்காமல் இரண்டு பாத்திரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒன்று போனாலும் இன்னொன்று மிஞ்சும். கடையில் வாங்கும் தயிர் புளித்திருந்தால் ருசி கெடும் என்பதால் சொசைட்டிப் பாலை முந்தின நாள் சாயங்காலம் உறை ஊற்றிவைப்பது மேல். கடலை போட்டபின் சிறுதீயில் அரைமணி நேரம் கொதித்தால் குழம்பு கெட்டியாகிவிடும்.

விருந்து தொடங்கியதும் ஒன்று நிச்சயமாக நடக்கும். அழைத்துவந்த அம்மாமார் இலையில் உட்காரமாட்டார்கள். 'நீங்க மொதல்ல சாப்பிடுங்க கண்ணு, நாங்க பொறவு பாத்துக்கறோம்' என்று பாத்திரத்தின் பக்கம் போய்விடுவார்கள். அடுப்பு இருக்கும் இடத்துக்கு வெளியே இரண்டு மாணவர்களை நிறுத்தி, தங்கியிருந்த பிள்ளையே தன் வீட்டு அம்மாவின் கையைப் பிடித்து இலைக்குக் கூட்டிவரட்டும். வேறு யார் கூப்பிட்டாலும் வராதவர் அந்தப் பிள்ளை கூப்பிட்டால் வருவார். முட்டி வலி உள்ள பெரியவர்களுக்கு ஓரமாக மேசை நாற்காலி போட்டுவையுங்கள், அவர்கள் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள்.

மைக் வேண்டுமென்றால் பந்தி முடிந்தபிறகு, கால்மணி நேரத்துக்குள். வீட்டுக்கு வீடு எழுந்து நின்று, தங்கிய பிள்ளை கடிதத்திலிருந்து இரண்டு வரி வாசித்து, எல்லோருடைய பெயரும் சொல்லி, கடிதத்தையும் பரிசையும் கையில் கொடுத்தால் போதும். சான்றிதழ் அச்சடிப்பதாக இருந்தால் கணவர் பெயரோடு மனைவி பெயரும், பாட்டி இருந்தால் அவர் பெயரும் அதில் இருக்கட்டும். முதல்வரின் பேச்சு மூன்று நிமிடம் தாண்டக் கூடாது என்று அவரிடம் முன்கூட்டியே பணிவாகச் சொல்லிவிடலாம்.

கிளம்பும் காலை

இதற்குச் சொல்ல அதிகம் இல்லை. பிள்ளைகளை வீட்டிலிருந்தே வண்டி ஏற்றுங்கள், கல்லூரி வாசலுக்கு வரவழைத்து ஏற்றினால் வயதானவர்கள் வழியனுப்ப வர முடியாது. காலைத் தொட்டுக் கும்பிடுவது இமாச்சலப் பிள்ளைகளுக்கு இயல்பு. நம் இந்து வீடுகளில் அது மகிழ்ச்சியாகவே இருக்கும், ஆனால் முஸ்லிம் வீடுகளிலும் சில கிறிஸ்தவ வீடுகளிலும் சங்கடப்படுவார்கள். அங்கே கைகூப்பினால் போதும் என்று முந்தின நாளே சொல்லிவையுங்கள். வழியில் சாப்பிடக் கட்டிக்கொடுக்கும் புளிச்சோற்றையும் முறுக்கையும் இடமில்லை என்று மறுக்க வேண்டாம். அதற்கென்று ஒவ்வொருவரும் ஒரு காலிப் பை வைத்திருக்கட்டும்.

போனபிறகு

ஊர் போய்ச் சேர்ந்த அன்று ஒரு போன். இது தவறினால் அதுவரை செய்ததெல்லாம் பாதியாகிவிடும், ஏனென்றால் அந்த இரண்டு மூன்று நாளும் வீட்டில் 'ரயிலு எங்க போயிருக்கும்' என்றே பேசிக்கொண்டிருப்பார்கள். மலை ஊர்களில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். ஆகவே அவர்களுடைய ஆசிரியர் ஒருவர் எல்லோரும் வீடு சேர்ந்ததை உங்களுக்குச் சொல்ல, நீங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிவிப்பது என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

படங்களைப் போனில் அனுப்பினால் நாலு நாளில் அழிந்துவிடும். வீட்டுக்கு இரண்டு படம், அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். வீட்டார் எல்லோரும் இருக்கும் படமாகப் பார்த்து எடுங்கள். லோடு ஏற்றப்போனவர் படத்தில் இல்லை என்றால் அவர் இருக்கும் இன்னொரு படத்தைத் தேடுங்கள். வீட்டுப் பெண்பிள்ளைகளின் படத்தைக் கல்லூரியின் முகநூல் பக்கத்தில் போடும் முன் பெற்றோரிடம் கேளுங்கள்.

ஒரு மாதம் கழித்து பிள்ளைகள் தபாலில் ஒரு அட்டை அனுப்பினால் அந்த வீட்டில் அது சாமி மாடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அதற்கு முகவரியை நீங்கள் சரியாகக் கொடுக்க வேண்டும். கேரள வழக்கப்படி வீட்டுப்பெயர், ஊர், தபால் ஆபீஸ், 678 என்று தொடங்கும் பின்கோடு. கதவு எண்ணை மட்டும் நம்பினால் தபால்காரர் திணறுவார். முகவரியை ஆங்கிலத்தில் ஒரு சீட்டில் அடித்து, கிளம்பும் முன் ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் வைத்துவிடுங்கள்.

சரியாகப் போகாத வீடு

ஒவ்வொரு முறையும் ஒரு வீடாவது இப்படி அமையும். சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பிள்ளையை மூன்றாம் நாள் வேறு வீட்டுக்கு மாற்றியிருப்பீர்கள். அல்லது அந்த வீட்டில் திடீரென்று ஒரு துக்கம் நேர்ந்திருக்கும். ஏற்பாடு செய்பவர்கள் இந்த வீட்டைப் பேசாமல் விட்டுவிடுவதுதான் வழக்கம். ஊரில் அது வேறு விதமாகப் பரவும்: 'அவங்க வீட்ல பிள்ளைக இருக்க மாட்டேன்னுட்டுதாம்.' அந்த அம்மா கடைக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

அங்கே நீங்களே போங்கள், அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, விருந்துக்கு முன்பே. மாற்றியதற்கான காரணத்தை உள்ளபடி, யார்மேலும் குறை தொனிக்காமல் சொல்லுங்கள். தங்கிய இரண்டு நாளுக்கான கடிதம் மற்றக் கடிதங்களைப் போலவே ஒரு பக்கம் இருக்கட்டும், பரிசும் அதே பரிசு, பந்தியில் அதே முதல் வரிசை. செலவுத்தொகையில் மட்டும் நாள் கணக்குப் பார்க்கலாம். மாறிப்போன வீடும் முதலில் தங்கிய வீடும் பந்தியில் எதிரெதிரே உட்காராமல் இலை போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றி போய்ச் சேர்ந்ததா என்பது அடுத்த ஆண்டு அழைப்போடு போகும்போது தெரியும். 'எப்ப வராங்க? இந்தத் தடவ பொண்ணுகளா பையங்களா?' என்று கேட்டால் சரி. 'பாக்கலாங்க, வீட்ல கேட்டுச் சொல்றோம்' என்று வாசலிலேயே நின்று பேசினால் ஏதோ மனத்தில் இருக்கிறது. வற்புறுத்தாமல் திரும்பி வந்து, பழைய நோட்டில் அந்த வீட்டின் பக்கத்தைப் புரட்டுங்கள். பெயர் விட்டுப்போனவர் யாராவது இருக்கிறாரா, வருவதாகச் சொன்ன படம் போகாமல் இருக்கிறதா, செலவுத்தொகையில் பாக்கி நிற்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும், மூன்றையும் அந்த வாரத்திலேயே சரிசெய்துவிடலாம். பொறுப்பு உங்களிடமிருந்து வேறொருவருக்கு மாறினால் நோட்டையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள், பீரோவில் பூட்டிவைக்க வேண்டாம்.